சிறிய மரத்தேரை இரவு வீதியுலாவுக்கு அலங்கரித்தல்: துணி, பூ, பற்றரி விளக்கு

பெரிய கோயில்களில் தேர் அலங்காரத்துக்கென்று பரம்பரையாக ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் உள்ள சின்னக் கோயில்களில் அப்படியில்லை. பெரும்பாலும் அந்த வருட உபயகாரரும் ஊர் இளைஞர்கள் சிலரும் சேர்ந்தே வேலையைச் செய்கிறார்கள். எங்கள் கோயிலில் இந்தப் பொறுப்பு எங்களிடம் வந்தபோது, தையற்காரர் ஒன்றைச் சொன்னார், மின்வேலைக்காரர் வேறொன்றைச் சொன்னார், பூக்காரர் இன்னொன்றைச் சொன்னார். எதை முதலில் செய்வது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. முதல் முறையாக இந்த வேலையை ஏற்பவர்கள் அதே அலைச்சலுக்கு ஆளாகாமல் இருக்க, வேலையின் ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

ஓர் உதாரணத் தேரை வைத்தே எல்லாக் கணக்கையும் சொல்கிறேன். அடிப்பீடம் 5 அடிச் சதுரம். நிலத்திலிருந்து சுவாமி எழுந்தருளும் தட்டு வரை நாலரை அடி. அதன்மேல் 4 அடிச் சதுரத்தில் நிற்கும் நான்கு தூண்களும் 4 அடி உயரம். தூண்களுக்கு மேலே வட்டமான சிகரச் சட்டம் மூன்றரை அடி, கலசம் 1 அடி. ஆக மொத்தம் 13 அடி. உங்கள் தேரின் அளவு வேறாக இருந்தால் அந்த அளவைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் வீதியை அளவுங்கள்

துணி வாங்கப் போவதற்கு முன்பே, திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தேர் போகும் பாதை முழுவதையும் பகலில் நடந்து பாருங்கள். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். குறுக்கே போகும் ஒவ்வொரு வயரையும், வேலிக்கு மேலாக நீட்டிக்கொண்டிருக்கும் பூவரசு, முருங்கைக் கிளைகளையும், உடைந்த மதகுகளையும் இடம் குறிப்பிட்டு எழுதுங்கள். வீதி அண்மையில் உயர்த்திப் போடப்பட்டிருந்தால், போன வருடம் தடையில்லாமல் போன தேர் இந்த வருடம் வயரில் முட்டக்கூடும். தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று சப்பர உலாவின்போது தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டதில் 11 பேர் உயிரிழந்தார்கள். தேர் அலங்காரத்தில் உயிருக்கு மிகப் பெரிய ஆபத்து மேலே இருக்கும் கம்பிதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகே.

வயரின் உயரத்தை அறிய ஒருபோதும் தடியை உயர்த்திப் பார்க்காதீர்கள். மூங்கில் என்றாலும், காய்ந்தது என்றாலும் அது பாதுகாப்பல்ல. நிலத்தில் நின்றபடியே அளக்க எளிய வழி இருக்கிறது. கையைக் கண்மட்டத்தில் நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை உள்ள தூரத்தை ஒரு சிறு தடியில் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தடியை அதே கையால் அடியில் பிடித்து நிமிர்த்துங்கள். வயருக்கு நேர் கீழே வீதியில் ஒரு கல்லை வைத்துவிட்டு, வயர் போகும் திசைக்குக் குறுக்காக, அதாவது வீதி வழியே, பின்னோக்கி நடவுங்கள். தடியின் அடி கல்லோடும் நுனி வயரோடும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். உங்கள் காலிலிருந்து கல் வரை உள்ள தூரமே வயரின் உயரம். அரை அடி முன்பின்னாக வரலாம். ஆகையால் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள்.

எங்கள் 13 அடித் தேருக்கு, உறை உள்ள வீட்டு இணைப்பு வயர் 16 அடிக்குக் கீழே இருந்தால் அதைப் பிரச்சினையாகவே பதிந்துகொள்வோம். தேர் பள்ளத்தில் ஆடும்போதும் வடம் இழுபடும்போதும் கலசம் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. அதனால்தான் இந்த 3 அடி. உறையில்லாத வெறுங்கம்பி என்றால் இந்தக் கணக்கை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். அந்த இடத்தைக் குறித்து மின்சார சபைக்கு எழுதுங்கள்.

ஒழுங்கைகளில் எல்லாவற்றுக்கும் தாழ்வாகத் தொங்குவது பெரும்பாலும் தொலைபேசி வயரும் கேபிள் ரீவி வயரும்தான். ஊர்வலத்தன்று கவைத்தடியால் அவற்றைத் தூக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். இரவில், சனக்கூட்டத்தின் நடுவில், எது தொலைபேசி வயர், எது மின்வயர் என்று அடையாளம் காண முடியாது. பகலிலேயே உரிய நிறுவனத்துக்குச் சொல்லி உயர்த்திக் கட்டுவித்துவிடுங்கள்.

2. கடிதங்கள்

கடிதங்கள் எல்லாம் கோயில் பரிபாலன சபையின் கடிதத் தலைப்பில், தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டுப் போக வேண்டும். உபயகாரர் தன் பெயரில் எழுதிக் கொடுத்தால், சபையின் கடிதத்தைக் கொண்டு வரும்படி திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் வீணாகும்.

பொலிஸ் நிலையத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் திகதி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம், வீதிகளின் ஒழுங்கு, ஒலிபெருக்கி பயன்படுத்துவதா இல்லையா என்பவற்றை எழுதுங்கள். ஒலிபெருக்கிக்கான அனுமதி தனியானது. இரண்டையும் ஒன்று என்று நினைத்திருந்து கடைசி நாளில் ஓடுபவர்கள் அதிகம். பிரதேச சபைக்கு, கிளை வெட்டுவதற்கும் மதகு சீர்செய்வதற்கும் வீதி விளக்குக்கும் ஒரு கடிதம். கிராம அலுவலரின் சிபாரிசுக் கையொப்பம் இருந்தால் இந்த வேலைகள் விரைவாக நடக்கும்.

மின்சார சபையின் உங்கள் பகுதி அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் ஒரு கைவரை படம் இணையுங்கள். தேரின் முழு உயரம், தாழ்வான இடங்கள், அங்கே நிற்கும் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கம், தேர் அந்த இடத்தைக் கடக்கும் நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கம்ப இலக்கம் இருந்தால் அவர்கள் இடத்தைத் தேட வேண்டியதில்லை. மின்சாரம் துண்டிப்பதாக உறுதி தந்தால், யார் துண்டிப்பார், யார் உங்களுக்குச் சொல்வார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெருவிளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து மின்சாரம் இல்லை என்று முடிவெடுப்பது தவறு. அவர்களுடைய ஆள் வாயால் சொல்லும் வரை தேர் அந்த இடத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போட்டு நிற்கட்டும்.

எல்லாக் கடிதத்திலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிடைத்ததற்கான முத்திரையும் திகதியும் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு முன் கொடுத்தால் பதில் வர நேரம் இருக்கும்.

3. துணி: எவ்வளவு, எந்த வகை

அடிப்பீடத்தைத் துணியால் மூடாதீர்கள். அங்கே உள்ள சிற்பம் தெரியத்தான் வேண்டும். சில்லுக்கு அருகே தொங்கும் துணி ஒரு சுற்றில் உள்ளே இழுபட்டு, மேலே கட்டியிருக்கும் அனைத்தையும் சேர்த்து இழுத்துவிடும். துணி வேலை தட்டுக்கு மேலேதான்: சிகரச் சீலை, நான்கு தொம்பை, சுற்றிவரத் தொங்கும் சுருக்குச் சீலை.

கணக்கு 45 அங்குல அகலமுள்ள துணிக்கு. சிகரச் சட்டத்தின் அடி வளையம் 4 அடி விட்டம் என்றால் சுற்றளவு 150 அங்குலம் அளவில் வரும். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி 8 துண்டு வைத்தால், ஒன்றின் அடி அகலம் 19 அங்குலம், தையலோடு 21. ஆகவே துணியின் அகலத்தில் இரண்டு துண்டு எடுக்கலாம். வளைவு நீளத்துக்கும் மடிப்புக்கும் சேர்த்து ஒரு துண்டு 5 அடி நீளம். ஒவ்வொரு நிறத்திலும் 10 அடி போதும். சுருக்கத்துக்கும் சேர்த்து 3.25 மீற்றர் வாங்குங்கள். தொம்பை ஒன்று மூன்றரை அடி நீளமும் 9 அங்குல விட்டமும் என்றால், நான்குக்கும் 3.25 மீற்றர். உள்ளே மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று பிரம்பு வளையம் வேண்டும். சுருக்குச் சீலைக்கு, 16 அடிச் சுற்றளவை இரட்டிப்பாக்கி 32 அடி நீளமும் 11 அங்குல ஆழமும் எடுத்தால் 2.75 மீற்றர். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை மீற்றர்.

கடையில் முதலில் காட்டுவது மினுங்கும் பொலியெஸ்டர் துணியாகவே இருக்கும். விலை குறைவு, விளக்கு வெளிச்சத்தில் அழகு. ஆனால் அது தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும். கீழே நிற்பது குருக்களும் பிள்ளைகளும். ஆகையால் பருத்தித் துணியையே வாங்குங்கள். மினுக்கம் வேண்டுமென்றால் விளிம்பில் மட்டும் சரிகைக் கரை வைத்துத் தைக்கலாம்.

பருத்தியும் எரியும் என்பதால் அதற்கு ஒரு காப்பு செய்ய வேண்டும். 1 லீற்றர் சூடான தண்ணீரில் 70 கிராம் வெங்காரமும் 30 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, ஆறியபின் துணியை முற்றாக நனைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். எங்கள் அளவுக்கு 5 லீற்றர் போதும். கையுறை போடுங்கள், கரைசலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வெட்டுவதற்கு முன் துணியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுருங்கவிடுவதும், தைத்து முடித்தபின் கரைசலில் நனைப்பதும்தான் ஒழுங்கு. மாறிச் செய்தால் மருந்து கழுவுப்பட்டுப் போகும், அல்லது தைத்த சீலை சட்டத்துக்குச் சிறிதாகிவிடும். சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கக்கூடும் என்பதால் முதலில் இரண்டு நிறத் துண்டுகளையும் சேர்த்து நனைத்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தச் சிவப்புத் துணியை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. நிறங்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டபின் தனித்தனியாக நனைக்க முடியாது.

காய்ந்தபின் அதே துணியின் வெட்டுத் துண்டு ஒன்றை வெளியே கொண்டுபோய், கம்பியில் மாட்டி, அடியில் தீக்குச்சிச் சுடரைப் பத்துப் பன்னிரண்டு செக்கன் பிடியுங்கள். சுடரை எடுத்ததும் துணி கருகி நின்றுவிட வேண்டும். தொடர்ந்து எரிந்தால் இன்னொரு முறை நனைத்துக் காயவையுங்கள். இந்தக் காப்பு ஒரு மழையோடு போய்விடும். பொலியெஸ்டரில் இது வேலை செய்யாது.

4. துணி கட்டும்போது

தேர்முட்டியிலேயே, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்துவிட்டு, திருவிழாவுக்கு முந்திய நாள் கட்டுங்கள். சிகரச் சீலைதான் முதலில். அதன் மடிப்பு எட்டுத் திசையிலும் சமமாக விழுந்தபின் தான் சுருக்குச் சீலை. தொம்பைகள் கடைசியில், நான்கு மூலையிலும் தூணுக்கு வெளியே. தூண் 4 அடி, தொம்பை மூன்றரை அடி என்பதால் தட்டுக்கு மேலே அரை அடி இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி இல்லையென்றால் தொம்பை தட்டில் மடிந்து, அர்ச்சகரின் காலில் சிக்கும்.

மரத்தில் புதிதாக ஆணி அடிக்காதீர்கள். பருத்தி நாடாவால் கட்டுங்கள், முடிச்சை ஒரு இழுப்பில் அவிழும்படி போடுங்கள். ஏதாவது தீப்பற்றினால் அந்தத் துண்டை மட்டும் இழுத்துக் கீழே போட முடிய வேண்டும். முன்பக்கச் சுருக்குச் சீலையை மற்றப் பக்கங்களைவிட அரைவாசி ஆழத்தில் உயர்த்திக் கட்டுங்கள். தீபாராதனை நடப்பது அந்தப் பக்கத்தில்தான். சுடர் உயரும் இடத்திலிருந்து 3 அடிக்குள் துணியோ பூவோ தொங்கக் கூடாது என்பதை ஒரு தட்டும் கற்பூரமும் வைத்து, குருக்களையே நிற்கச் சொல்லி, அளந்து பார்த்துவிடுங்கள். கற்பூரத்தைக் கொளுத்தாமல் பார்த்தாலே போதும்.

சிகரத்துக்கு மேலே பெரிய மூங்கில் வளைவு, வாழை மரம், பலகை என்று ஏற்ற ஆசைப்படுபவர்கள் இருப்பார்கள். 5 அடிப் பீடத்தில் நிற்கும் 13 அடித் தேருக்கு உச்சியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சரிவைக் கூட்டும். வாழையும் கமுகும் வீதியில் நட்டாலே அழகுதான்.

5. விளக்கு: 230 வோல்ட்டைத் தேரில் ஏற்றாதீர்கள்

லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஜெனரேற்றரை வைத்து, அதிலிருந்து நீண்ட வயரைத் தேருக்கு இழுத்து, பல்ப் மாலை போடுவது பல ஊர்களில் நடக்கும் முறை. தண்ணீர் தெளித்த பூமாலை, ஈர மரம், வெறுங்காலோடு வடம் பிடிக்கும் சனம், ஒவ்வொரு திருப்பத்திலும் இழுபடும் வயர். இவை எல்லாம் சேரும் இடத்தில் 230 வோல்ட் இருக்கக் கூடாது. தேரில் 12 வோல்ட் மட்டும். ஜெனரேற்றர் வேண்டுமென்றால் அது தனியாக, தேரோடு எந்த வயர்த் தொடர்பும் இல்லாமல், வீதிக்கு வெளிச்சம் கொடுக்கட்டும்.

எங்கள் தேருக்குப் போதுமானது இதுதான்: 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டி 5 மீற்றர் சுருள் இரண்டு, சுவாமிக்கு நேரே 10 வோட் சிறு விளக்கு ஒன்று. வாங்கும்போது மீற்றருக்கு எத்தனை வோட் என்று உறையில் பாருங்கள். மீற்றருக்கு 4.8 வோட் உள்ள பட்டி என்றால் ஒரு சுருள் 24 வோட், அதாவது 2 அம்பியர். இரண்டு சுருளும் சிறு விளக்கும் சேர்ந்து ஏறத்தாழ 5 அம்பியர் எடுக்கும். உலா 3 மணித்தியாலம், புறப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்து 1 மணித்தியாலம் என்றால் 20 அம்பியர்-மணி தேவை. கார் பற்றரியை முற்றாக இறக்கினால் அது பழுதாகும். பாதிக்குமேல் இறக்காமலிருக்க 40 அம்பியர்-மணிப் பற்றரி வேண்டும். இது ஊரில் யாரிடமாவது இரவல் வாங்கக்கூடிய சாதாரணக் கார் பற்றரிதான்.

12 வோல்ட் உடலில் அடிக்காது என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைக்கக் கூடாது. கார் பற்றரியின் இரண்டு முனையும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். வயரின் உறை உருகித் துணியில் தீ வைக்கும். இதைத் தடுப்பது பியூஸ் ஒன்றுதான். கூட்டல் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 10 அம்பியர் பியூஸ் போடுங்கள். பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் இருக்கும் வயருக்குப் பியூஸின் பாதுகாப்பு இல்லை; அதனால்தான் அது குறுகியதாக இருக்க வேண்டும். பற்றரியிலிருந்து மேலே போகும் வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், கிளை வயர்கள் 1 சதுர மில்லிமீற்றர். பற்றரியைத் தட்டின் அடியில், பீடத்தின் நடுவில், பலகைத் தட்டத்தில் வைத்து இரண்டு பட்டியால் கட்டுங்கள். முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். காற்றோட்டம் இருக்கட்டும், கற்பூரச் சுடர் அதற்கு அருகே வேண்டாம்.

பட்டி சிலிக்கன் பூச்சுள்ளதாக, மஞ்சள் கலந்த வெள்ளை ஒளியுள்ளதாக இருக்கட்டும். நீல வெள்ளை ஒளியில் சந்தனக்காப்பும் பூவும் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். பட்டியைச் சுருக்குச் சீலையின் உட்பக்கமாக, மரச் சட்டத்தில் ஓடவிட்டால் துளி விளக்குகள் கண்ணைக் குத்தாமல் துணி முழுவதும் வெளிச்சம் பரவும். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: மிஞ்சிய பட்டியைச் சுருளோடேயே மடக்கி மூலையில் செருகுவது. சுருண்டிருக்கும் பட்டி எரியும்போது சூடு வெளியேற இடமில்லாமல் உருகும். மிஞ்சியதை, வெட்டும் குறி உள்ள இடத்தில் வெட்டிவிடுங்கள்.

முந்திய நாள் இரவு விளக்குகளை முழு 4 மணித்தியாலமும் எரியவிட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் கழித்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. பட்டியின் கடைசிப் பகுதி முதற்பகுதியைவிட மங்கலாக இருந்தால் வயர் மெல்லியது, அல்லது இரண்டு சுருளையும் ஒன்றின் வாலில் ஒன்றாக இணைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சுருளுக்கும் பற்றரியிலிருந்து தனி வயர் கொடுங்கள். சோதனை முடிந்ததும் பற்றரியைத் திரும்ப முழுமையாக ஏற்ற மறக்கக் கூடாது.

6. பூ

பூ கடைசி வேலை. வயர் எல்லாம் மூடிக் கட்டப்பட்டபின், திருவிழாவன்று பிற்பகலில்.

கணக்கு எளிது. சுருக்குச் சீலையின் மேல்விளிம்பில் தொய்ய விடும் மாலைக்கு 16 அடியின் ஒன்றரை மடங்கு, அதாவது 24 அடி. தூண் ஒன்றுக்குச் சுற்றிவர 8 அடி, நான்குக்கும் 32. ஆக 56 அடி. 40 முழம் சொல்லிவைத்தால் சிறிது மிஞ்சும். வெள்ளிக்கிழமையிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் பூவுக்கு விலை ஏறும். அந்த நாட்களில் உங்கள் திருவிழா வந்தால், ஒரு வாரத்துக்கு முன்பே முற்பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளில் அன்று காலை போய் வாங்கலாம் என்று விட்டால் அவ்வளவு நீளம் ஒரே நிறத்தில் கிடைக்காது.

இரவு உலாவுக்குச் செவ்வந்தி நன்றாக நிற்கும். வீட்டு முற்றங்களிலிருந்து வரும் நந்தியாவட்டையும் அலரியும் இடைக்குச் சேரும். செவ்வரத்தையை எவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தாலும் தேரில் கட்டாதீர்கள். பொழுது சாயும்போது அது கூம்பிவிடும். அதைக் காலைப் பூசைக்குக் கொடுத்துவிடலாம். அலரியின் பால் நஞ்சு. கட்டுபவர்கள் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது, பிள்ளைகளைக் கொண்டு அதைப் பறிக்கவைக்கக் கூடாது.

மாலைகளுக்குத் தண்ணீர் தெளிப்பது தேரில் ஏற்றுவதற்கு முன்பு, வடியவிட்டு. ஏற்றியபின் தெளித்தால் தண்ணீர் நேரே பட்டியின் இணைப்புகளுக்குள் இறங்கும். மாலையை வயரில் கட்டாமல் மரத்திலேயே கட்டுங்கள். நனைந்த மாலையின் பாரம் ஒரு மெல்லிய வயரைக் கழற்றிவிடப் போதுமானது. குருத்தோலைத் தோரணமும் மாவிலையும் பின்பக்கத்துக்கு. சுவாமியின் சாத்துப்படிப் பூ குருக்களின் பொறுப்பு. அதன் அளவையும் நிறத்தையும் அவரிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிகிறது.

7. காசு எங்கே போகிறது

துணியும் தையற்கூலியும் விளக்கும் ஒரு தடவைச் செலவு. கவனமாக வைத்தால் பல வருடம் வரும். பூ ஒவ்வொரு வருடமும் வரும் செலவு. உபயகாரரிடம் இந்த இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் சுமந்துவிட்டு, அடுத்த வருடக்காரர் பூவோடு தப்பிப்போகும் மனக்கசப்பு பல கோயில்களில் உண்டு. ஒரு தடவைச் செலவைச் சபைக் கணக்கிலும், பூச் செலவை உபயத்திலும் போடுவது எங்களுக்குச் சரியாக வந்தது. காசு குறைந்தால் பூவிலோ சரிகையிலோ குறையுங்கள்; வயரிலும் பியூஸிலும் குறைக்காதீர்கள்.

8. உலாவின்போதும் பிறகும்

நான்கு பேருக்கு அலங்காரப் பொறுப்பு கொடுங்கள். இரண்டு பேர் முட்டுக்கட்டையோடு சில்லுகளுக்கு அருகில். ஒருவர் தேருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு யார் தூரத்தில், மேலே மட்டும் பார்த்தபடி, கையில் நீங்கள் வயர் குறித்த கொப்பியோடும் ஒரு விசிலோடும். விசில் கேட்டதும் வடம் நிற்க வேண்டும் என்று இழுப்பவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள். நாலாமவர் பின்னால், ஒரு தீயணைப்புக் கருவி, ஒரு வாளி மணல், நாடா அறுக்க ஒரு கத்தி ஆகியவற்றோடு. மற்றவர்கள் படலை தோறும் நிறைகுடம் பார்த்து மெய்ம்மறந்தாலும் இந்த நால்வரும் இடம் மாறக் கூடாது. சுவாமி ஏறியபின் அலங்காரம் சரிசெய்வதற்காக யாரும் தேரில் ஏறுவதில்லை. கழன்ற மாலை கழன்றபடியே வரட்டும்.

திரும்பி வந்து சுவாமி இறங்கியதும் முதலில் பற்றரியின் கழித்தல் முனையைக் கழற்றுங்கள். பூவை அன்றிரவே எடுத்துவிடுங்கள். ஒரு இரவு இருந்தால் அதன் சாறு சீலையில் கறையாகும், மரத்தில் ஈரம் ஊறும். சீலையை அடுத்த நாள் வெயிலில் அல்லாமல் காற்றில் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி, காய்ந்த வேப்பிலை வைத்து, ஒவ்வொரு துண்டின் உள்விளிம்பிலும் அது கட்டப்படும் திசையை அழியாத மையால் எழுதுங்கள். அளவுகள் எழுதிய தாள், வீதிக் கொப்பி, முத்திரை வாங்கிய கடிதப் பிரதிகள், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோவையில் போட்டுச் சபைச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள்.